‘அதிபதப்படுத்திய உணவு’: ஒரு சொல்லும் அதைச் சுற்றிய வழக்கும்

(நூற்றாண்டு விழாவின்போது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவம் சார்ந்து ஏதாவது பேச வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். எதைப் பேசுவது என்பதை எமது பழைய மாணவிகளின் வட்ஸ்அப் குழுவே தீர்மானித்துத் தந்துவிட்டது. ரொறன்ரோவில் இருந்து ஓர் அக்கா, கடைப் பாண் நஞ்சு என்று ஒரு வீடியோ அனுப்புகிறார். லண்டனில் இருக்கும் தங்கச்சி, அப்படியென்றால் பிள்ளைக்குக் கொடுக்கும் காலைச் சீரியலும் நஞ்சா என்று கேட்கிறார். மட்டக்களப்பில் இருந்து இன்னொருவர், சோயா மீற் சமைக்கலாமா கூடாதா, ஒரு முடிவைச் சொல்லுங்கள் என்கிறார். மூவரும் கேட்பது ஒரே விடயத்தைத்தான். ஆங்கிலத்தில் ‘அல்ட்ரா புரொசெஸ்ட்’ என்று சொல்லும் உணவு எது, அது ஏன் கூடாது? தமிழில் அதை அதிபதப்படுத்திய உணவு என்று வைத்துக்கொள்வோம். இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லும் வைத்தியரை நம்ப வேண்டாம் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லின் வரைவிலக்கணத்தைப் பற்றியே விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

சொல் எங்கே பிறந்தது என்பதில் இருந்து தொடங்குவோம். பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்ரெய்ரோ என்றொரு பேராசிரியர். அவரும் ஒரு வைத்தியர்தான். வீடுகளில் என்னென்ன உணவுப் பொருள்கள் வாங்குகிறார்கள் என்று அந்நாட்டில் பல ஆண்டுகளாக எடுத்துவந்த கணக்கெடுப்புகளை அவரது குழு ஆராய்ந்தது. உடற்பருமன் ஏறிக்கொண்டே போகிறது. அப்படியென்றால் மக்கள் சீனியும் எண்ணெயும் கூடுதலாக வாங்க வேண்டும் அல்லவா? கணக்கு நேர்மாறாக இருந்தது. சீனி, எண்ணெய், உப்பு ஆகியவற்றைக் குடும்பங்கள் வரவரக் குறைவாகவே வாங்கின. கூடியது எது என்று பார்த்தால் மென்பானம், பிஸ்கற், சொசேஜ், உடனே சாப்பிடும் ஆயத்த உணவுகள். அரிசி, அவரை, எண்ணெய், உப்பு வாங்கும் வீடு சமைக்கிற வீடு. அவற்றை வாங்குவது குறைகிறதென்றால் அங்கே அடுப்பு எரிவது குறைகிறது என்று மொன்ரெய்ரோ விளங்கிக்கொண்டார். 2009 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். கொழுப்பு எத்தனை கிராம், சீனி எத்தனை கிராம் என்று எண்ணுவதை விட, அந்த உணவுக்குத் தொழிற்சாலையில் என்ன நடந்தது என்று கேட்பதே முக்கியம் என்பது அதன் சாரம். அதிலிருந்து வளர்ந்த வகைப்பாட்டுக்கு ‘நோவா’ என்று பெயர். போர்த்துக்கேய மொழியில் ‘புதியது’ என்று பொருள். 2014 இல் பிரேசில் அரசு வெளியிட்ட உணவு வழிகாட்டி இந்தச் சிந்தனையின் மேல்தான் கட்டப்பட்டது.

நோவா உணவுகளை நான்கு கூட்டமாகப் பிரிக்கிறது. எமது குசினியிலேயே அதைப் பார்த்துவிடலாம். அரிசி, பருப்பு, மீன், முட்டை, முருங்கைக்கீரை, காயவைத்த ஒடியல் இவையெல்லாம் முதலாம் கூட்டம். காயவைப்பது, அரைப்பது, குளிரூட்டுவது, பாலைக் காய்ச்சுவது எல்லாம் சிறிய வேலைகள்தான், அவற்றை நோவா குற்றமாக எடுப்பதில்லை. இரண்டாவது, சமையலுக்குத் துணையாக வருபவை. தேங்காயெண்ணெய், உப்பு, சீனி, பனங்கட்டி. முதலாவதோடு இரண்டாவதைச் சேர்த்துப் பழைய முறையில் செய்பவை மூன்றாவது. உப்பிட்ட கருவாடு, ரின்மீன், மா, தண்ணீர், ஈஸ்ற், உப்பு என்ற நாலே பொருளில் சுட்ட பாண் ஆகியன அதில் வரும். 

நான்காவதுதான் எமது வழக்கின் எதிரி. முழு உணவில் இருந்து பிரித்தெடுத்த பாகங்களை, அதாவது மாப்பொருள், புரதம், கொழுப்பு, சீனிப்பாகு போன்றவற்றைத் திரும்ப ஒன்றுசேர்த்து, சுவையும் நிறமும் பதமும் ஊட்டிச் செய்த தொழிற்சாலைத் தயாரிப்பு அது. அதை அடையாளம் காண நோவா தரும் சோதனை எளிது. பக்கற்றைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலை வாசியுங்கள். வீட்டுக் குசினியில் ஒருபோதும் இல்லாத ஒரு பொருளோ, உணவை அழகுபடுத்துவதற்கென்றே போடும் ஒரு சேர்க்கையோ அதில் ஒன்றாவது இருந்தால் அது நான்காம் கூட்டம். சுவையூட்டி, நிறமூட்டி, செயற்கை இனிப்பு, குழம்பாக்கி, தடிப்பாக்கி என்பவை இந்த அழகுசாதனப் பட்டியலில் வருகின்றன. கெட்டுப்போகாமல் காக்கும் பொருள் மட்டும் இருந்தால் அது நான்காவது ஆகாது. இந்த நுணுக்கத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். இரசாயனப் பெயர் ஒன்றைக் கண்டதும் பயப்படச் சொல்லவில்லை நோவா. அந்தப் பொருள் எதற்காகப் போடப்பட்டது என்று கேட்கச் சொல்கிறது.

கேட்க எளிதாக இருக்கிறது. இனி ஒரு பொருளை எடுத்துச் சோதித்துப் பார்ப்போம். நாம் எல்லோரும் அறிந்த தேங்காய்ப்பாலையே எடுப்போம்.

தேங்காயைத் திருவிப் பிழிந்தால் வருவது தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் மிதக்கும் ஒரு கலவை. அந்தத் துளிகளைத் தண்ணீரோடு பிடித்து வைத்திருப்பது தேங்காயின் சொந்தப் புரதம். அந்தப் புரதத்துக்குப் பலம் போதாது. கொஞ்ச நேரம் வைத்தால் கட்டிப்பால் மேலே வந்துவிடும். கொதிக்க விட்டால் திரைந்துவிடும். எமது அம்மாமார் இதற்குக் கண்டுபிடித்த வழி எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் காய்கறியை அவிய விட்டு, கடைசியில் நெருப்பைத் தணித்து முதற்பாலை விட்டுத் துழாவி, சொதி பொங்கி வருகிற நேரம் இறக்கிவிடுவார்கள். குழம்பாக்கி வேண்டாம், ஆள் அடுப்படியில் நின்றால் போதும்.

ரின்னில் அடைப்பவருக்கு அந்த வசதி இல்லை. ரின்னுக்குள் கிருமி எதுவும் மிஞ்சாமல் இருக்க நூறு பாகையை விடக் கூடிய வெப்பத்தில் அதை அவிக்க வேண்டும். அந்தச் சூட்டில் வெறும் தேங்காய்ப்பால் நிச்சயம் பிரிந்துபோகும். ஆகவே குவார் பிசின் போன்ற ஒரு தடிப்பாக்கியையோ ஒரு குழம்பாக்கியையோ சிறிதளவு சேர்க்கிறார்கள். பவுடராக்குபவருக்கு இன்னும் பெரிய பிரச்சினை. பாலைச் சூடான காற்றுக்குள் பனிபோலத் தெளித்து உலர்த்த வேண்டும். தேங்காய்ப்பாலில் உலர்ந்து மிஞ்சுவது பெரும்பாலும் கொழுப்பு, அது பொடியாகாமல் இயந்திரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு பொருள்களைச் சேர்ப்பது வழக்கம். ஒன்று மோல்ரோடெக்ஸ்ரின், மாப்பொருளைச் சிறு துண்டுகளாக வெட்டி எடுத்த ஒரு பொடி. மற்றது சோடியம் கேசினேற், மாட்டுப்பாலில் இருந்து பிரித்த புரதம். இது எண்ணெய்த் துளியைச் சுற்றிப் போர்வைபோல நிற்கிறது. (தேங்காய்தானே என்று நம்பி, பாற்புரத ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இந்தப் பவுடரைக் கரைத்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. பால் உணவே தொடாத சைவ உணவுக்காரர்களும் லேபலைப் பார்ப்பது நல்லது.)

இப்போது நோவாவின் தீர்ப்பைக் கேட்போம். வீட்டில் பிழிந்த பால் முதலாவது அல்லது இரண்டாவது கூட்டம், அதில் சண்டை இல்லை. ரின் பாலில் தடிப்பாக்கி இருக்கிறது, எழுத்துப்படி பார்த்தால் நான்காவது. பவுடரில் மோல்ரோடெக்ஸ்ரினும் பிரித்தெடுத்த பாற்புரதமும் இருக்கின்றன, ஐயமே இல்லாமல் நான்காவது. ஆனால் மூன்றிலும் கொலஸ்ட்ரோலை உயர்த்தும் நிரம்பிய கொழுப்பு தேங்காயின் கொழுப்புத்தான். ஒரு சட்டி சொதிக்கு இரண்டு மேசைக்கரண்டி பவுடர் கரைத்தால், அந்தச் சொதியைக் குடிப்பவரின் குருதிக்குழாய்க்கு எவ்வளவு வித்தியாசம் தெரியும்? நேர்மையாகச் சொன்னால், பெரிதாக எதுவும் தெரியும் என்று எண்ண எமக்குக் காரணம் கிடைக்கவில்லை.

இங்கேதான் நோவாவைக் குறை சொல்பவர்கள் தம் கையை உயர்த்துகிறார்கள். கோலாவையும் தேங்காய்ப்பால் பவுடரையும் ஒரே கூட்டத்தில் போடும் வகைப்பாட்டால் என்ன பயன் என்பது அவர்கள் கேள்வி. பிரான்சில் உணவுத்துறை நிபுணர்கள் நூற்றைம்பது பேருக்கு மேற்பட்டோரிடம், சேர்மானப் பட்டியலோடு 120 கடை உணவுகளைக் கொடுத்து நோவாப்படி பிரிக்கச் சொன்ன ஓர் ஆய்வு 2022 இல் வெளிவந்தது. 120 இல் வெறும் மூன்று உணவுகளுக்குத்தான் எல்லோரும் ஒரே விடையைச் சொன்னார்கள். நிபுணர்களுக்கே இந்த நிலை என்றால் கடையில் நிற்கும் எமக்கு எப்படி இருக்கும்? நாம் தேநீருக்குப் போடும் பால்மாவையே பாருங்கள். உலர்த்திய பால் முதலாம் கூட்டம் என்று நோவா சொல்கிறது. ஆனால் தண்ணீரில் உடனே கரையட்டும் என்று சில பால்மாக்களில் லெசிதின் தெளிக்கிறார்கள். லெசிதின் ஒரு குழம்பாக்கி. அந்தப் பக்கற் முதலாவதா நான்காவதா என்று இரண்டு பேரை உட்கார்த்தினால் பின்னேரம் வரைக்கும் பேசலாம். 

நோவா தரப்பின் பதிலையும் சொல்லத்தான் வேண்டும். இந்த வகைப்பாடு ஒரு கரண்டி பவுடரை நீதிமன்றத்தில் நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டதல்ல என்கிறார்கள். ஒரு மனிதரின், ஒரு நாட்டின் முழு உணவுப் பழக்கத்தில் நான்காம் கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்று அளப்பதற்குத்தான் அது. எல்லையில் நிற்கும் சில பொருள்கள் தடுமாறுவதால் நடுவில் இருக்கும் பெருங்கூட்டம் மறைந்துவிடாது. குறை சொல்பவர்களில் சிலருக்கு உணவுக் கம்பனிகளோடு தொடர்பு இருப்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். எமக்கு இதில் பாதிக்குப் பாதி உடன்பாடு. ஆய்வாளருக்குப் பயன்படும் அளவுகோல் குசினிக்கு அப்படியே பயன்படும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

சரி, வரைவிலக்கணம் எப்படியும் போகட்டும், இந்த உணவு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா இல்லையா? இதற்குக் கிடைத்த மிகத் துப்புரவான சான்று ஒரு சிறிய ஆய்வு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹோல் என்பவர் நடத்தி 2019 இல் வெளியிட்டது. அவர் உண்மையில் சந்தேகத்தோடுதான் தொடங்கினார். கொழுப்பும் சீனியும் உப்பும் சமமாக இருந்தால் பதப்படுத்தல் என்ன வித்தியாசம் செய்துவிடப்போகிறது என்பது அவர் எண்ணம்.

இருபது பேர், பத்து ஆண்கள், பத்துப் பெண்கள். நான்கு கிழமை ஆய்வுக்கூட விடுதியை விட்டு வெளியே போகக்கூடாது. இரண்டு கிழமை நான்காம் கூட்ட உணவு, இரண்டு கிழமை சமைத்த முதலாம் கூட்ட உணவு, யாருக்கு எது முதலில் என்பது சீட்டுக் குலுக்கியது போலத் தீர்மானமானது. தேவைக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு உணவை முன்னால் வைத்து, விரும்பிய அளவு சாப்பிடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். மேசையில் வைத்த இரு உணவிலும் கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் சமம். இரண்டுமே இதமாக இருக்கின்றன என்றுதான் சாப்பிட்டவர்கள் மதிப்பெண் போட்டார்கள்.

ஆனால் நான்காம் கூட்ட உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு கிழமையில் கிட்டத்தட்ட ஒரு கிலோ நிறை ஏறியது. மற்ற உணவில் அதே அளவு இறங்கியது. ஐந்நூறு கலோரி என்றால் எமது கணக்கில் இரண்டு கோப்பைச் சோற்றுக்கு மேல். யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் பசியோடு இருக்கவில்லை.

ஏன் அப்படி? ஒரு தடயம், வேகம். நான்காம் கூட்ட உணவை அவர்கள் விரைவாகச் சாப்பிட்டார்கள். மென்மையானது, மெல்லத் தேவையில்லாதது, நிறைந்துவிட்டது என்று குடலும் மூளையும் சொல்லிக்கொள்ளும் முன் தட்டு காலியாகிவிடுகிறது. இன்னொரு தடயம், அடர்த்தி. இரு உணவிலும் நாரின் அளவைச் சமப்படுத்த, நான்காம் கூட்டப் பக்கத்தில் நாரைப் பானத்தில் கரைத்துக் கொடுக்க வேண்டி வந்தது. பானத்தைத் தள்ளிவிட்டு, தட்டில் இருந்ததை மட்டும் பார்த்தால், ஒவ்வொரு வாய்க்கும் கலோரி அதிகம் அந்தப் பக்கத்தில்தான். ஆகவே குற்றவாளி பதப்படுத்தலா, அடர்த்தியா, மென்மையா என்று இந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. இருபது பேர், இரண்டு கிழமை என்பதும் சிறிய அளவு. இன்னொரு சின்ன விவரமும் அந்த ஆய்வில் உண்டு. நாளொன்றுக்கு 2000 கலோரி கணக்கில் ஒரு கிழமைக்கான பொருள்களின் செலவு, நான்காம் கூட்ட உணவுக்கு 106 டொலர், சமைத்த உணவுக்கு 151 டொலர். சமைத்தவருடைய நேரமும் உழைப்பும் அந்த 151 இல் இல்லை. அதை வீட்டில் யார் கொடுக்கிறார்கள் என்று இந்தச் சபையில் சொல்லத் தேவையில்லை.

மற்றச் சான்றுகள் பெரும்பாலும் வேறு வகையானவை. ஆயிரக்கணக்கானவர்களிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதி வாங்கி, பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, யாருக்கு என்ன நோய் வந்தது என்று பார்ப்பவை. அப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த தொகுப்புகளை மீண்டும் தொகுத்து 2024 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எல்லாமாக ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். நான்காம் கூட்ட உணவை அதிகம் உண்பவர்கள் இருதய, குருதிக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ 50 வீதம் கூடுதல் என்று அது சொன்னது. நீரிழிவோடும் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. தலைப்புச் செய்திகள் அதில் இருந்துதான் பிறந்தன.

எண்கள் பெரியவை, ஆனாலும் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. பக்கற் உணவை அதிகம் உண்பவர் யார்? பல நாடுகளில் அவர் வருமானம் குறைந்தவர், இரவு வேலை செய்பவர், கூடப் புகைப்பவர், தூக்கம் குறைந்தவர். ஆய்வாளர்கள் கணிதத்தால் இவற்றைக் கழித்துப் பார்க்கிறார்கள். முழுவதும் கழிந்ததா என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது. 2023 இல் பிரித்தானிய அரசின் போசாக்கு ஆலோசனைக் குழு இந்தச் சான்றுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: தொடர்பு கவலை தருவதாக இருக்கிறது, ஆனால் காரணம் பதப்படுத்தலா அல்லது அந்த உணவுகளில் ஏற்கெனவே கூடி இருக்கும் சீனி, உப்பு, கொழுப்பா என்று தெளிவில்லை. கோழைத்தனமான பதில் என்று சிலர் ஏசினார்கள். எமக்கு அது சரியான பதிலாகவே படுகிறது.

கூட்டத்தை உடைத்துப் பார்த்தால் கதை இன்னும் சுவாரசியமாகிறது. அமெரிக்காவில் தாதிமாரையும் சுகாதாரத் தொழிலாளரையும் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் ஆய்வுகளில், ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரின் தரவை வைத்து நீரிழிவை மட்டும் பார்த்தார்கள். 2023 இல் வெளிவந்தது. நான்காம் கூட்டம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆபத்துக் கூடுகிறது. பிரித்துப் பார்த்தால், இனிப்புப் பானங்களும் செயற்கை இனிப்புப் பானங்களும் சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி வகைகளும் வெள்ளைப் பாணும் ஆபத்தோடு சேர்ந்து நின்றன. முழுத்தானியப் பாணும் காலைச் சீரியலும் யோகட்டும் எதிர்ப்பக்கத்தில், ஆபத்துக் குறைந்தவர்களோடு நின்றன. எல்லாமே நோவாவின் கணக்கில் நான்காம் கூட்டம்தான். லண்டன் தங்கச்சியின் சீரியல் கேள்விக்கு இதுவே ஓரளவு விடை. சீனி குறைந்த முழுத்தானிய வகையா, நிறமூட்டிய இனிப்பு உருண்டையா என்பதைப் பார்க்க வேண்டும், கூட்ட இலக்கத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை.

2025 ஆகஸ்டில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வு ஒன்று வெளியானது. 55 பேர், இம்முறை தத்தம் வீட்டிலேயே இருந்தார்கள், உணவு வாசலுக்கு வந்தது. எட்டுக் கிழமை நான்காம் கூட்டம், எட்டுக் கிழமை சமைத்த உணவு. முக்கியமான வேறுபாடு, நான்காம் கூட்ட உணவையும் அரசின் ஆரோக்கிய உணவு வழிகாட்டிக்குப் பொருந்தும்படியே தெரிவுசெய்து கொடுத்தார்கள். உப்புக் குறைந்தது, காய்கறி உள்ளது, இப்படி. முடிவு என்ன? இரண்டிலும் நிறை குறைந்தது! சமைத்த உணவில் ஏறத்தாழ 2 வீதம், நான்காம் கூட்டத்தில் ஏறத்தாழ 1 வீதம். பார்த்தீர்களா, பதப்படுத்தல் முக்கியம், பாதிதானே குறைந்தது என்றது ஒரு பக்கம். பார்த்தீர்களா, சத்தின் அளவு சரியாக இருந்தால் பக்கற் உணவிலும் நிறை குறைகிறது என்றது மறுபக்கம். ஒரே தரவு, இரண்டு வெற்றி விழா. அதே ஆண்டு நவம்பரில் லான்செற் இதழ் மொன்ரெய்ரோவும் பலரும் எழுதிய ஒரு கட்டுரைத் தொடரை வெளியிட்டது, சான்று போதும், அரசுகள் இனிச் செயற்பட வேண்டும் என்று. வாதம் அதோடு முடிந்துவிடவில்லை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சண்டை என்று விட்டுவிட முடியாது, எமது நாட்டுக் கடையிலேயே இரண்டு அளவுகோலும் மோதுகின்றன. இலங்கையில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறப்புள்ளி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. இது சத்துக் கணக்கு, பதப்படுத்தல் கணக்கு அல்ல. ஆகவே சீனியை எடுத்துவிட்டுச் செயற்கை இனிப்புப் போட்ட சோடாவுக்குப் பச்சைப் புள்ளி கிடைக்கும். நோவாவைக் கேட்டால் அது நான்காம் கூட்டத்தின் நடுவில் நிற்கிறது. எது சரி? நாளுக்கு இரண்டு போத்தல் சிவப்புப் புள்ளிச் சோடா குடிக்கும் ஒருவர் பச்சைக்கு மாறுவது இலாபம்தான், அதைத் தடுக்க மாட்டோம். தண்ணீரும் தேநீரும் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை, பச்சைதானே என்று அந்தப் போத்தலுக்குப் பழகுவது நட்டம். புள்ளி இரண்டு பேருக்கும் ஒன்றைத்தான் காட்டுகிறது.

சோயா மீற்றுக்கு வருவோம். எண்ணெய் எடுத்த சோயா மாவைத் தண்ணீரோடு பிசைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரு துளையினூடாகத் தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் விடுபட்டு நீராவி பிய்த்துக்கொண்டு போக, பஞ்சுபோல் உப்பி இறைச்சியின் நார்போல ஆகிறது. வீட்டில் செய்ய முடியாத வேலை, கூடவே ஒரு சுவைப் பக்கற்றும் வருகிறது. நான்காம் கூட்டம், மறுபேச்சில்லை. ஆனால் 2022 இல் விலைவாசி ஏறி மீனும் முட்டையும் பல வீடுகளுக்கு எட்டாமல் போனபோது, பிள்ளைகளின் தட்டில் விழுந்த புரதத்தில் ஒரு பங்கு இதுதான். கொழுப்புக் குறைவு, நார் உண்டு. இதைச் சமைக்க வேண்டாம் என்று எழுதித் தரும் வைத்தியர் அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்றும் காசோடு சேர்த்து எழுதித் தர வேண்டும். எமது பதில் இது: ஊறவைத்து, பிழிந்து, இரண்டு தரம் கழுவுங்கள். சுவைப் பக்கற்றில்தான் உப்பும் சுவையூட்டியும் இருக்கின்றன, அதைத் தள்ளிவிட்டு வீட்டுத் தூளைப் போட்டுச் சமையுங்கள். மட்டக்களப்புத் தோழி நிம்மதியாகச் சமைக்கலாம்.

நோவா பற்றி எமக்குள்ள பெரிய தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. எமது நீரிழிவுக் கிளினிக்கில் வரிசையில் இருக்கும் அம்மாமார் பலர் பக்கற் உணவைத் தொடுவதே இல்லை. ஓர் அம்மா அண்மையில் மிகவும் பெருமையாகச் சொன்னார், ‘பிள்ளை, நான் கடைச் சாமான் ஒன்றும் வாயில் வைக்கிறதில்லை’ என்று. உண்மைதான். காலையில் இடியப்பம், மத்தியானம் கோபுரம்போல் வெள்ளைச்சோறு, பின்னேரம் மூன்று கரண்டி சீனியோடு தேநீர், இரவு புட்டு. நோவாவின் கணக்கில் அவருடைய தட்டில் நான்காம் கூட்டம் ஒன்றும் இல்லை. தீட்டிய வெள்ளை அரிசி முதலாம் கூட்டம், சீனி இரண்டாம் கூட்டம். அவரது குருதிச் சீனியோ இன்சுலின் தொடங்க வேண்டிய அளவில் நின்றது. வீட்டில் பொரித்த முறுக்குக்கும் இதே கதைதான். நோவா கேட்கும் கேள்விக்கு அது நல்ல பிள்ளை, எண்ணெயும் உப்பும் என்ன செய்யுமோ அதைச் செய்துகொண்டுதான் இருக்கும். மொன்ரெய்ரோ தன் நாட்டின் நோய்க்கு ஒரு கண்ணாடி செய்தார். பக்கற் உணவு பாதிக்கு மேல் நிறைந்த இங்கிலாந்து, அமெரிக்கத் தட்டுகளுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆகவே ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிள்ளை வளர்க்கும் தங்கச்சிமாருக்கு இந்தச் சொல் எம்மை விடக் கூடுதலாக உதவும். இங்கே அது மெல்ல மெல்லப் பொருந்தத் தொடங்குகிறது, ரியூசனுக்கும் பாடசாலைக்கும் இடையில் பிள்ளைகள் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் தெரியும்.

அதனால் கிளினிக்கில் நாங்கள் கூட்ட இலக்கம் எதுவும் சொல்வதில்லை, மூன்று கேள்விதான் கேட்கிறோம். என்ன குடிக்கிறீர்கள்? இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் என்ன சாப்பிடுகிறீர்கள்? கிழமையில் எத்தனை தரம் ஒரு நேரச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பக்கற் ஒன்று வருகிறது? ஆராய்ச்சிகள் ஒருவரோடொருவர் முரண்படாமல் சுட்டும் இடங்கள் ஏறத்தாழ இவைதான்: இனிப்புப் பானம், பதப்படுத்திய இறைச்சி, சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் மென்மையான, விரைவாக விழுங்கும் உணவு. தேங்காய்ப்பால் பவுடருக்கும் பால்மாவின் லெசிதினுக்கும் நாங்கள் நேரம் செலவழிப்பதில்லை. அதன்பிறகு சோற்றுக் கோப்பையின் அளவைக் கேட்கிறோம், அதற்குத்தான் கூடுதல் நேரம் பிடிக்கிறது.

லேபல் கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே அறிவித்திருந்தோம். பல அக்காமார் பையோடு வந்திருப்பது தெரிகிறது. தேநீர் இடைவேளையில் முன்மேசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாக வாசித்துப் பார்ப்போம்.